பீர்க்கு, புடலை, சுரை, பூசணி: படத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது, எப்படிச் சமைப்பது?

கேள்வி: நாலு காய்களைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். முதலாவது உடம்பெல்லாம் வரம்பு ஓடுகிறது, பீர்க்கங்காய்தானே? இரண்டாவது வெளிர்பச்சையில் வெள்ளைக் கோடு, ஒரு முழம்கூட இல்லை. மூன்றாவது ஒரு முழுக் காய், நான்காவது ஒரு வெட்டிய துண்டு. இவற்றில் எது சுரை, எது பூசணி என்றே புரியவில்லை. நாலையும் வழக்கமாக எப்படிச் சமைப்பார்கள்?

பதில்:

படங்களின் வரிசையிலேயே சொல்கிறேன். பீர்க்கங்காய், குட்டைப் புடலங்காய், சுரைக்காய், கடைசியில் இருப்பது வெண்பூசணித் துண்டு. முதல் இரண்டும் சுலபம் என்பதால் அவற்றைப் பிறகு பார்க்கலாம். நீங்கள் தடுமாறிய இடம் சுரையும் பூசணியும். அங்கே தடுமாறுவது சகஜம்தான். பாட்டில் மாதிரி கழுத்து இருந்தால்தான் சுரை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது விற்பனைக்கு வரும் சுரையில் நிறைய கழுத்தே இல்லாமல் உருளையாக இருக்கிறது, உருண்டைச் சுரையும் உண்டு. பூசணியிலும் உருண்டை, நீள்வட்டம் என்று இரண்டும் இருக்கின்றன. ஆகவே வடிவத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்கப் பார்க்காதீர்கள்.

தோலைப் பாருங்கள். உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கினால், வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற ஓரத்தில் மெல்லிய பூனைமுடி தெரிகிறது. தோல் வெளிர்பச்சை, ஒரே சீராக இருக்கிறது, மேலே பொடி எதுவும் இல்லை. இது இளஞ்சுரை. முற்ற முற்ற அந்த முடி உதிர்ந்து தோல் வழவழப்பாகிவிடும். ஆனால் எந்த வயதிலும் சுரையின் மேல் சாம்பல் படியாது. பூசணிக்கு அப்படியில்லை. விளைந்த வெண்பூசணியின் மேல் சுண்ணாம்பைப் பூசியது போல மெழுகுப் பொடி படிந்திருக்கும். நீற்றுப்பூசணி, சாம்பல் பூசணி என்ற பெயர்களெல்லாம் அதனால் வந்தவையே. படத்தில் அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. காயைத் தூக்கியவரின் விரல் பட்ட இடங்களில் பொடி அழிந்து, கீழே இருக்கும் கரும்பச்சை கீற்றுக்கீற்றாகத் தெரியும். உங்கள் நான்காவது படத்தில் துண்டின் முதுகுப் பக்கம் அப்படி மூன்று தடங்கள் இருக்கின்றன. வெள்ளை நிறம் தோலின் சொந்த நிறமாக இருந்தால் விரல் பட்டு அழியாது.

சிக்கல் வருவது பிஞ்சுப் பூசணியில். பொடி படிவதற்கு முன்னால் பறித்த பூசணி பச்சையாகவே இருக்கும், அதுவும் முடியோடு இருக்கும். அப்போது முடியின் தன்மையைப் பாருங்கள். பூசணிப் பிஞ்சின் முடி விறைப்பாக நின்று கையில் குத்தும். சுரையின் முடி தடவினால் படிந்துபோகும். பிஞ்சுப் பூசணியின் பச்சை சுரையைவிட அடர்ந்தது, மேலே வெளிறிய புள்ளிகளும் தெளித்திருக்கும். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் மட்டும் இதையெல்லாம் நம்ப வேண்டாம். ஃபிளாஷ் பச்சையை வெளிறச் செய்து, மெழுகுப் பொடியையும் சாதாரணப் பளபளப்பையும் ஒன்றாக்கிவிடும். ஜன்னலோர வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு தேக்கரண்டியையோ உங்கள் கையையோ வைத்து எடுத்த படம் போதும். அளவு தெரியாத படத்தில் அரைக் கிலோ சுரையும் ஆறு கிலோ பூசணியும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

வெட்டிய முகம் தெரிந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. உங்கள் துண்டில் வெளியே மெல்லிய பச்சைத் தோல், அதை ஒட்டி மூன்று விரல் கனத்துக்குக் கண்ணாடி போன்ற கெட்டியான சதை, அதற்கு உள்ளே பஞ்சு மாதிரிக் குழைந்த நடுப்பகுதி, அந்தப் பஞ்சில் நிறைய விதைகள், அங்கங்கே இடைவெளி. கெட்டிச் சதையும் பஞ்சும் இப்படி இரண்டு பட்டையாகப் பிரிந்து தெரிவது பூசணிக்கே உரியது. இளஞ்சுரையை வெட்டினால் தோலிலிருந்து நடு வரைக்கும் ஒரே வெள்ளைச் சதைதான். விதைகள் அதற்குள்ளேயே பதிந்திருக்கும், காலி இடம் இருக்காது. விதையையே எடுத்துப் பார்த்தாலும் போதும். பூசணி விதை முட்டை வடிவத்தில் தட்டையாக, ஓரத்தில் கரை கட்டியது போல இருக்கும். சுரை விதை நீளவாக்கில், ஒரு முனை சதுரமாகி, அந்த முனையின் இரண்டு மூலையும் சின்னக் கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டுக் கொடியில் காய்த்தது என்றால் பூவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சுரைப்பூ வெள்ளை, பூசணிப்பூ மஞ்சள். பீர்க்கம்பூவும் மஞ்சள்தான். புடலம்பூ வெள்ளை, இதழின் ஓரமெல்லாம் நூல் பிரிந்தது போல இழையிழையாக இருக்கும்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வெறுமனே ‘பூசணி’ என்று சொன்னால் சில பக்கங்களில் வெண்பூசணி, சில பக்கங்களில் உள்ளே மஞ்சளாக இருக்கும் பரங்கிக்காய். கொங்குப் பகுதியில் அந்த மஞ்சளுக்கு அரசாணிக்காய் என்று தனிப்பெயரே இருக்கிறது. தெற்கே நெல்லை, குமரிப் பக்கம் வெண்பூசணி தடியங்காய் ஆகிவிடும். எங்காவது சமையல் குறிப்பில் ‘பூசணி’ என்று படித்தால், சுவை இனிப்பு என்று சொல்கிறார்களா, துண்டு கண்ணாடி போல ஆகும் வரை வேகவிடச் சொல்கிறார்களா என்று பாருங்கள். முதலாவது பரங்கி, இரண்டாவது வெண்பூசணி.

சமையலுக்குப் போகும் முன்னால் படத்தில் தெரியாத ஒன்று இருக்கிறது: கசப்பு. சுரையைத் தோல் சீவியதும் ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துக் கடித்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். லேசாகக் கசந்தாலும் அந்தக் காய் குப்பைக்குத்தான் போக வேண்டும். அந்தக் கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டாசின் என்ற பொருள். வேகவைத்தாலும் அது போகாது. உப்பு, புளி, வெல்லம் போட்டு மறைக்கலாமே தவிர எடுக்க முடியாது. உள்ளே போனால் கொஞ்ச நேரத்திலேயே வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், அதிகம் போனால் ரத்த வாந்தியும் ரத்த அழுத்தம் சரிவதும் நடக்கும். கசந்த சுரைச்சாறு குடித்தவர்களுக்கு நேர்ந்த பாதிப்புகளை ஆராய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தனிக் குழுவே அமைத்தது. சாறாகக் குடிக்கும்போது ஒரே மூச்சில் நிறைய உள்ளே போய்விடுவதால் ஆபத்தும் கூடுதல். பீர்க்கிலும் எப்போதாவது கசப்புக் காய் வரும். அதற்கும் இதே கடிச் சோதனைதான். இரண்டு காய் வாங்கினால் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று நன்றாக இருந்தது என்பது மற்றதற்குச் சாட்சி ஆகாது. தெரியாமல் சாப்பிட்டு வாந்தி தொடங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், சாப்பிட்டது கசப்புச் சுரை என்றும் சொல்லுங்கள்.

இனி சமையல். நாலு காயும் பெரும்பாலும் தண்ணீர்தான். சதைக்கென்று பெரிய சுவையும் கிடையாது. அந்தத் தண்ணீரை என்ன செய்கிறோம் என்பதில்தான் கூட்டு சரியாக வருவதும் கஞ்சியாகிப் போவதும் இருக்கிறது.

வெண்பூசணிக்கு முதலில் நினைவுக்கு வருவது மோர்க்குழம்பு. சாம்பார், தேங்காய் அரைத்த கூட்டு, தயிர்ப் பச்சடி, துருவிப் பிழிந்து செய்யும் காசி அல்வா என்று மற்றவையும் உண்டு. ஆனால் இந்தக் காயின் குணம் முழுவதும் தெரிவது மோர்க்குழம்பில்தான் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். உங்கள் துண்டில் தோலையும் பஞ்சுப் பகுதியையும் நீக்கினால் 300 கிராம் தேறும், நாலு பேருக்குப் போதும். தோலைக் கொஞ்சம் ஆழமாகவே சீவுங்கள். தோலை ஒட்டிய பச்சைப் பட்டை மிஞ்சினால் அது கடைசி வரை வேகாமல் பல்லில் தட்டும். ஒரு அங்குலச் சதுரமாக நறுக்குங்கள். சிறிதாக நறுக்கினால் குழம்பில் கரைந்து காணாமல் போய்விடும்.

துண்டுகளை அரை கப் தண்ணீர், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், கொஞ்சம் உப்போடு மூடி வேகவிடுங்கள். எட்டுப் பத்து நிமிடம் ஆகும். வெந்ததற்கு அடையாளம் நிறம்தான். வெள்ளையாக இருந்த துண்டு கண்ணாடி போல ஆகி, மறுபக்கம் லேசாகத் தெரியும். நடுவில் வெள்ளைப் பொட்டு இருந்தால் இன்னும் வேக வேண்டும். வெந்தபின் அடியில் தண்ணீர் நிறைய நின்றால் மூடியைத் திறந்து வற்றவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் இருக்கக் கூடாது. மோர்க்குழம்பு நீர்த்துப்போனது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் மோரைக் குறை சொல்வார்கள். தண்ணீர் வந்தது காயிலிருந்து.

அரைப்பதற்கு ஒரு மேசைக்கரண்டி கடலைப்பருப்பும் ஒரு தேக்கரண்டி பச்சரிசியும் அரை மணி நேரம் ஊற வேண்டும். அதோடு கால் கப் தேங்காய்த் துருவல், மூன்று பச்சை மிளகாய், முக்கால் தேக்கரண்டி சீரகம், சுண்டுவிரல் நுனியளவு இஞ்சி சேர்த்து மையாக அரையுங்கள். விழுதை வெந்த காயில் சேர்த்து, பச்சை வாசனை போகும் வரை மூன்று நான்கு நிமிடம் கொதிக்க விடுங்கள். அடி பிடிக்கும், கிளறிக்கொண்டே இருங்கள். இதற்குள் ஒன்றரை கப் புளித்த தயிரை அரை கப் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கடைந்து வையுங்கள். தயிர் குளிர்ப்பெட்டியிலிருந்து நேராக வரக் கூடாது, அறைச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

தீயை நன்றாகக் குறைத்துவிட்டு மோரை ஊற்றிக் கிளறுங்கள். இனிமேல் குழம்பு கொதிக்கவே கூடாது. ஓரத்தில் நுரை கட்டி, அந்த நுரை நடுவை நோக்கி நகரத் தொடங்கும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினால் மோர் திரிந்து, தண்ணீர் தனியாகவும் வெள்ளைத் துணுக்கு தனியாகவும் நிற்கும். சூடு ஏறும்போது மோரில் உள்ள புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. ஊறவைத்து அரைத்த அரிசியும் பருப்பும் அந்தப் புரதத்தின் நடுவே புகுந்து ஒட்டவிடாமல் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். அரிசி சேர்ப்பது கெட்டியாவதற்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் அடிக்கடி திரியும். அணைத்த பிறகும் உடனே மூடாதீர்கள், பாத்திரத்தின் சூடு போதும் திரிவதற்கு. கடைசியில் தேங்காய் எண்ணெயில் கடுகு, கால் தேக்கரண்டி வெந்தயம், இரண்டு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். உப்பை இப்போது சுவைத்துப் பார்த்துச் சரிசெய்தால் போதும்.

சாம்பாரில் போடுவதானால் ஒன்று மட்டும் கவனியுங்கள். புளித்தண்ணீரில் பச்சைப் பூசணியைப் போட்டால் வேக நேரம் பிடிக்கும். புளிப்பு காயை இளகவிடாது. முதலில் வெறும் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்துவிட்டுப் புளியை ஊற்றுங்கள். அதற்கப்புறம் எவ்வளவு நேரம் கொதித்தாலும் துண்டு உடையாமல் நிற்கும்.

வெட்டாத முழுப் பூசணி காற்றோட்டமான காய்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். அந்த மெழுகுப் பூச்சுதான் காவல், அதனால் வாங்கி வந்ததும் கழுவி வைக்காதீர்கள். வெட்டிய துண்டு மூன்று நாலு நாளில் ஓரம் வழவழத்துவிடும். பஞ்சையும் விதையையும் எடுத்துவிட்டு வைத்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும், முதலில் கெடுவது அந்தப் பஞ்சுதான்.

சுரைக்குத் தேர்வு இதற்கு நேர்மாறு. பூசணி விளைந்திருக்க வேண்டும், சுரை பிஞ்சாக இருக்க வேண்டும். நகத்தை வைத்து அழுத்தினால் சுலபமாக இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் உள்ளே விதை கட்டியாகியிருக்கும், சதை பஞ்சாகியிருக்கும். படத்தில் முற்றலைக் கண்டுபிடிப்பது சிரமம். தோல் வெளிறி, முடியே இல்லாமல் மினுமினுத்தால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். உங்கள் காயில் முடி இருப்பதால் பிஞ்சு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பிஞ்சுச் சுரைக்குக் கடலைப்பருப்புக் கூட்டு நன்றாகப் பொருந்தும். 400 கிராம் காய்க்குக் கால் கப் பருப்பு. பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, முக்கால் கப் தண்ணீரில் குக்கரில் மூன்று விசில் விடுங்கள். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், ஆனால் உருவம் குலையக் கூடாது. காயைத் தனியாக, கால் கப் தண்ணீர் மட்டும் விட்டு மூடி வேகவிடுங்கள். இரண்டையும் சேர்த்துக் குக்கரில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பருப்பு வேகும் நேரத்தில் சுரை கரைந்து கூழாகிவிடும், கூட்டு பார்க்கவே துவண்டுபோய் இருக்கும். கால் கப் தேங்காய், ஒரு தேக்கரண்டி சீரகம், இரண்டு காய்ந்த மிளகாய் அரைத்துச் சேர்த்து, மூன்று நிமிடம் கொதித்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து இறக்கலாம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் சுரையோடு இறாலோ கருவாடோ சேர்ப்பார்கள். சுவையில்லாத காய் அந்த உப்பையும் வாசனையையும் முழுதாக உறிஞ்சிக்கொள்ளும். நறுக்கிய சுரை காற்றில் பழுப்பாகும் என்பதால் வேகவைப்பதற்குச் சற்று முன்பு நறுக்குங்கள், இல்லையென்றால் தண்ணீரில் போட்டு வையுங்கள். கொஞ்சம் முற்றிய காய் மாட்டிக்கொண்டால் நடுவை விதையோடு வழித்தெறிந்துவிட்டு, மிச்சத்தைத் துருவி அடை மாவில் கலந்துவிடலாம். அப்போது மாவுக்குத் தண்ணீரே தேவைப்படாது.

இப்போது முதல் படம். காம்பிலிருந்து நுனி வரை கூர்மையான வரம்புகள் ஓடுகின்றன. பீர்க்கில் இவை பொதுவாகப் பத்து இருக்கும், படத்தில் ஒரு பக்கத்தில் நாலைந்து தெரியும். காம்புப் பக்கம் ஒடுங்கி, நுனிப் பக்கம் பருத்திருப்பதும் அடையாளம். வரம்பு இல்லாமல் வழவழப்பாக, மெல்லிய கோடுகள் மட்டும் ஓடும் காயைப் பார்த்தால் அது நுரைப்பீர்க்கு, இதற்குப் பங்காளி. பிஞ்சில் அதையும் இதே மாதிரி சமைக்கலாம். முற்றினால் இரண்டும் நாராகி, உடம்பு தேய்க்கும் பஞ்சுக்குத்தான் ஆகும். காயைக் கையில் எடுத்தால் கனமாகவும், வளைத்தால் லேசாக வளைந்து கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். லேசாக இருக்கும் காய் உள்ளே நார் கட்டியது.

பீர்க்கில் பாதிப் பேர் தவறுவது உப்பில். அரைக் கிலோ பீர்க்கை நறுக்கி வாணலியில் போட்டால் குவிந்து நிற்கும், பத்து நிமிடத்தில் அதில் பாதிகூட இருக்காது. முதலில் கண்ணால் பார்த்து உப்புப் போட்டவர்களுக்குக் கடைசியில் கரிக்கும். அதனால் பாதி உப்பை மட்டும் முதலில் போட்டு, சுருங்கிய பிறகு மீதியைச் சேருங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் விட வேண்டாம். எண்ணெயில் வெங்காயம் வதங்கியதும் காயைப் போட்டு மூடினால், அதன் தண்ணீரிலேயே அது வெந்துவிடும். பாசிப்பருப்புக் கூட்டு செய்வதானால் கால் கப் பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்து, கடைசியில் சேர்த்தால் காய் விட்ட தண்ணீரைப் பருப்பு பிடித்துக்கொள்ளும்.

தோலைத் தூக்கிப்போடாதீர்கள். வரம்பின் கூர்முனையை மட்டும் மெல்லியதாகச் சீவி எறிந்துவிட்டு, அதன் கீழுள்ள தோலைத் துவையலுக்கு எடுத்து வையுங்கள். கூர்முனை எத்தனை வதக்கினாலும் நாராகவே இருக்கும். இரண்டு காயின் தோலுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும், ஒரு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, மூன்று காய்ந்த மிளகாயைச் சிவக்க வறுத்துத் தனியே எடுங்கள். அதே எண்ணெயில் தோலைப் போட்டு, பச்சை மங்கிச் சுருண்டு ஓரம் லேசாகக் கருகும் வரை வதக்குங்கள், ஏழெட்டு நிமிடம் ஆகும். இதில் அவசரப்பட்டால் துவையலில் புல் வாசனை அடிக்கும். கோலிக்குண்டு அளவு புளி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய், உப்பு சேர்த்துத் தோலை முதலில் அரைத்து, பருப்பைக் கடைசியில் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும்.

இரண்டாவது படத்தை நீங்கள் சந்தேகப்பட்டதற்குக் காரணம் நீளமாக இருக்கும். புடலை என்றால் பாம்பு போல நீண்டு தொங்குவது என்ற நினைப்பு. நீளப் புடலை அப்படித்தான், கொடியில் சுருண்டுவிடாமல் இருக்க நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். உங்கள் படத்தில் இருப்பது குட்டைப் புடலை. ஒரு முழத்துக்குள் அடங்கும், கொஞ்சம் பருமன். வெளிர்பச்சையில் நீளவாக்கில் ஓடும் வெள்ளைக் கோடுகளும், இரண்டு முனையும் கூர்மையாக ஒடுங்குவதும் சேர்ந்து இருந்தால் வேறு எதுவாகவும் இருக்க முடியாது. வெள்ளரியிலும் கோடு உண்டு, ஆனால் அதன் முனைகள் மழுங்கியிருக்கும். வெட்டினால் இன்னும் தெளிவு. வெள்ளரியில் விதைகள் கொழகொழப்பான சதையில் கிடக்கும். புடலையில் வெளிச்சுவர் மெல்லிய குழாய் போல நிற்க, நடுவில் பஞ்சும் விதையும் தனியாகக் கழன்று வரும்.

புடலையின் மேல் இருக்கும் வெண்பூச்சைக் கத்தியின் முதுகால் சுரண்டிவிடுங்கள், தோல் சீவ வேண்டாம். நீளவாக்கில் பிளந்து, நடுப்பஞ்சைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு மெல்லிய பிறையாக நறுக்குங்கள். 300 கிராமுக்குக் கால் தேக்கரண்டி உப்பைப் பிசறிப் பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் விடும். அதைக் கையால் பிழிந்துவிட்டால் புடலைக்கே உரிய அந்த ஒருவித வாடையும் பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடும். காயில் உப்பு ஏற்கெனவே ஏறியிருக்கிறது என்பதை மறந்து மறுபடியும் போட்டுவிடாதீர்கள். ஒரு துண்டைச் சுவைத்துப் பார்த்தபின் தேவையானால் மட்டும் போடுங்கள்.

இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு இருபது நிமிடம் ஊறியிருக்கட்டும். கடுகு, உளுத்தம்பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய் தாளித்து, ஊறிய பருப்பையும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளையும் போட்டு ஒரு கை தண்ணீர் தெளித்து மூடுங்கள். பருப்பு முக்கால் பதம் வெந்ததும் பிழிந்த காயைச் சேர்த்து, மூடாமல் ஏழெட்டு நிமிடம் கிளறுங்கள். மூடினால் ஆவி உள்ளேயே தங்கிப் பச்சை நிறம் பழுத்த இலை போல மங்கும், பொரியல் கூட்டு மாதிரி சொதசொதத்துவிடும். கடித்தால் லேசாக நறுக்கென்று இருக்கும்போது மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலைத் தூவி இறக்குங்கள்.

வழித்தெடுத்த விதை நகத்தால் அழுத்தினால் நசுங்கும் பிஞ்சு என்றால், அந்தப் பஞ்சையும் சேர்த்து வதக்கிப் பீர்க்கந்தோல் போலவே துவையல் அரைக்கலாம். விதையின் மேல்தோல் கட்டியாகிவிட்டிருந்தால் வேண்டாம். பிளக்கும்போதே உள்ளே சிவப்பாகத் தெரிந்தால் காய் பழுத்துவிட்டது, கசக்கும், சமையலுக்கு ஆகாது. வெளியே இன்னும் பச்சையாக இருக்கும்போதே உள்ளே பழுக்கத் தொடங்கியிருக்கலாம் என்பதால், நுனியில் மஞ்சள் சாயல் ஏறிய புடலையைப் படத்தில் பார்த்தாலே வாங்காமல் விடுவது நல்லது.